வாசிக்காமல் விட்ட பதினான்காவது சுரம்

அந்த அறுப்பின் பண்டிகைக்கு முன் பாளையங்கோட்டையில் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் பதிவு செய்துவிடுவது முறை. கல்லூரியில் முப்பத்தோர் ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து, துறைத் தலைவராக ஓய்வு பெற்றிருந்தேன். லண்டனிலிருந்து தேர்வாளர் வந்து நடத்தும் பியானோத் தேர்வின் உச்சமான எட்டாம் நிலையில் என் இருபத்திரண்டாம் வயதிலேயே தேறியவன். எங்கள் ஆலயத்தில், வெள்ளைக்காரக் குருவானவர் ஒருவர் ஊர் திரும்பும்போது விட்டுச் சென்ற பியானோவின் முன் இருபத்தேழு ஆண்டுகளாக ஞாயிறு தவறாமல் அமர்ந்து வந்தேன். அந்த இருபத்தேழு ஆண்டுகளில் என் வாசிப்பில் குறை உண்டென்று ஒருவரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னார்களா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயன்றதும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆண்டு, அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை ஆராதனைக்குப் புதிய பாட்டு ஒன்று வேண்டும் என்று ஆலய நிர்வாகமான சேகரக் கமிட்டி தீர்மானித்தது. எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். வேறு யாரைக் கேட்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு மாதத்தில் சொல்லும் மெட்டும் நான்கு குரல் இசையும் எழுதி முடித்தேன். மேற்கத்திய முறைப்படி முதலில் சரணம், அதன் பின் கோரஸ் என்று அமைத்திருந்தேன். கோரஸின் முதல் வரி இது:

களங்கள் நிறைந்தன கர்த்தரின் கருணையால்.

ஒற்றெழுத்து நீங்கலாகப் பதினான்கு எழுத்துகள், பதினான்கு சுரங்கள், நாலடிக்கு ஒன்றாக நான்கு தாளக்கட்டுகள். மேற்கத்திய சுரப்பெயர்களில் சொன்னால், மி ஃபா சோ சோ, லா மேல்டோ சோ. ஃபா சோ மி ஃபா, ரே மி ரே. இரண்டாம் வரியும் இதே போல் தொடங்கி, மேல் டோவைத் தொட்டு, பின் இறங்கி, நம் சட்ஜம் போன்ற கீழ் டோவில் வந்து அமரும். பாடக் கடினம் இல்லாதது, ஒரு முறை கேட்டால் நாவில் ஒட்டிக்கொள்வது. அதில் எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமையே முதலில் என் காலை வாரியது.

பாட்டுக்கு முன் பியானோ தனியாக வாசிக்கும் முன்னிசை ஒன்று தேவை. சபையார் எழுந்து நிற்கவும், சுருதியைப் பிடிக்கவும், எந்தப் பாட்டு என்று அறிந்துகொள்ளவும் அதுவே வழி. கோரஸின் மெட்டை முன்னிசையில் கொண்டு வருவது உலகெங்கும் உள்ள வழக்கம்தான். நானும் கோரஸின் எட்டுத் தாளக்கட்டுகளையும் ஒரு சுரம் விடாமல் வலக்கையில் வைத்து, இடக்கையில் சுரங்களைப் பிரித்து அலை அலையாக ஓடவிடும் விரிப்புகளைச் சேர்த்து எழுதினேன். வாசிக்கும்போது எனக்கே இனிமையாக இருந்தது.

பண்டிகைக்கு முன் இரண்டு ஞாயிறுகள் ஆராதனைக்குப் பிறகு சபையாருக்குப் பாட்டைப் பழக்கினோம். சரணத்தைப் பாடகர் குழுவே பாடிவிடும் என்பதால் கோரஸைத்தான் அதிகம் பழக்கினோம். அது நன்றாகவே பிடிபட்டது. அந்த வாரம் கடைத்தெருவில் நான் காய்கறி வாங்கும்போது ஒருவர் அதை முணுமுணுத்துக்கொண்டு போனதை என் காதால் கேட்டேன். அதன் பின்னர் பண்டிகைக்கு இன்னும் இரண்டு ஞாயிறுகள் இருந்தன. அவற்றில் முதல் ஞாயிறன்று, ஆராதனை முடிந்த கையோடு, முன்னிசையுடன் முழுப் பாட்டையும் ஒத்திகை பார்த்தோம்.

நான் முன்னிசையைத் தொடங்கினேன். இரண்டாம் தாளக்கட்டை எட்டுவதற்குள் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அது மரக்கடை அண்ணாச்சியின் குரல். ஆற்றுக்கு அந்தக் கரையில் இருப்பவர்களையும் எழுப்பிவிடக்கூடிய குரல் அது. "களங்கள் நிறைந்தன" என்று அவர் எடுத்தார். அவர் எடுத்தால் சபை விடுமா? மூன்றாம் தாளக்கட்டில் ஆலயம் முழுவதும் பாடிக்கொண்டிருந்தது. என் விரிப்புகள் அந்த ஓசைக்கு அடியில் எங்கோ மூழ்கிப் போயின. முன்னிசை முடிந்து பாடகர் குழு சரணத்தைத் தொடங்கியது. கோரஸ் பாடித் தீர்த்த சபையோ பழக்கப்படி அதை இன்னொரு முறை பாடத் தொடங்கியது. ஒரு பக்கம் சரணம், மறு பக்கம் கோரஸ். நான் கைகளை எடுத்துவிட்டேன். பாட்டு தானாக நொண்டி நொண்டி நின்றது.

பிழை சபையாருடையது என்றே நான் அப்போது கருதினேன். எங்கள் சபையார் கீர்த்தனையில் வளர்ந்தவர்கள். கீர்த்தனையில் பல்லவிதான் முதல். ஆர்மோனியப் பெட்டியில் பல்லவியை ஒரு முறை வாசித்தால், 'பாடுங்கள்' என்று பொருள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் காதுக்குப் பழகியது அதுவே. நான் வாசித்தது முன்னிசை என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன்.

பாடகர் குழுவில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோவுக்குத் தலைமை தாங்கியவர் ஓர் ஆசிரியை. சேரன்மகாதேவியில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுப்பவர். நாள்தோறும் பாளையங்கோட்டையிலிருந்து போய் வருவார். அவர் படித்தது ஆசிரியப் பயிற்சி வரைதான். பியானோ வாசிக்கத் தெரியாது. மற்றவர்கள் கலைந்த பிறகு அவர் பாட்டுத் தாளை மடித்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"சார், தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுங்க டீச்சர்."

"நீங்க பாட்டையே வாசிச்சிட்டீயளே. பெறகு அவங்க பாடாம என்ன செய்வாங்க?"

"அது முன்னிசை டீச்சர். பாட்டு இல்லை."

"உங்களுக்குத் தெரியுது, எனக்கும் தெரியுது. அண்ணாச்சிக்குத் தெரியணும்லா?"

பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "யோசிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிப் பியானோவின் மூடியைச் சாத்தினேன். சாத்திய ஓசை தேவைக்குச் சற்று அதிகமாகவே கேட்டிருக்கும்.

வீட்டுக்குப் போனதும் நான் செய்ததை இன்று நியாயப்படுத்த மாட்டேன். கோரஸை வாசித்தால் பாடிவிடுகிறார்கள் அல்லவா, அப்படியானால் கோரஸே வேண்டாம் என்று முடிவு செய்தேன். அதற்கு எந்த உறவும் இல்லாத புதிய முன்னிசை ஒன்றை எழுதினேன். மேலிருந்து கீழே அருவியாய்ச் சரியும் சுரங்கள், நடுவில் ஒரு சுருதி மாற்றம், கடைசியில் பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் மூன்று பெரிய நாதங்கள். எட்டாம் நிலைத் தேர்வாளர் முன்னும் வாசிக்கக்கூடிய தரம். டீச்சருக்குப் பதில் சொல்வதாகவே அதை எழுதினேன். சபைக்காக எழுதினேன் என்று சொன்னால் பொய்.

அடுத்த ஞாயிறு அதை வாசித்தேன். ஆலயம் அமைதியாகக் கேட்டது. மிகவும் அமைதியாக. மூன்று பெரிய நாதங்களும் முடிந்தபோது ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. காணிக்கை எடுக்கும்போது வாசிக்கும் இசை போல எண்ணிச் சிலர் கண்களை மூடியிருந்தார்கள். சுருதி மாற்றத்தில் தடுமாறிய பாடகர் குழு சரணத்தை ஆளுக்கொரு சுருதியில் எடுத்தது. கோரஸ் வந்தபோது பாதிப் பேர் அப்போதுதான் பாட்டுத் தாளைத் தேடினார்கள். அண்ணாச்சி வாயையே திறக்கவில்லை. வெளியே வரும்போது அவர் தன் நண்பரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"சார் வாசிச்சது நல்லாத்தாம்வே இருந்துச்சு. அது எந்தப் பாட்டுக்குன்னுதான் தெரியல."

சேகரச் செயலாளர் ஒரு வழக்கறிஞர். தீர்ப்பை வாசிப்பவர் போலத் தணிந்த குரலில் பேசுவார். அவர் குருவானவரின் அறையில் என்னை உட்கார வைத்துச் சொன்னார். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றே அழைப்போம். ஐயரும் அங்கே இருந்தார், ஆனால் பேசியது செயலாளர்தான்.

"வர்ற ஞாயித்துக்கிழம பண்டிகை சார். பேராயர் வர்றாங்க. இப்படி நடந்தா நல்லா இருக்காது. பழைய கீர்த்தனை ஒண்ணை வச்சிருவோம். உங்க பாட்டை அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

அடுத்த ஆண்டு என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். கமிட்டிகளில் நானும் இருந்திருக்கிறேன். இரண்டு ஞாயிறுகள் சபை முழுவதும் பார்க்கத் தோற்ற பாட்டை எந்த ஆண்டும் யாரும் எடுக்க மாட்டார்கள். இருபத்தேழு ஆண்டு வாசிப்பில், 'சார் எழுதிய பாட்டு நின்றுபோனது' என்பது ஒன்றே மிஞ்சும். ஐயர்தான் குறுக்கிட்டார். "சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் சாருக்கு நேரம் குடுப்போம். சரியா வந்தா பாடுவோம். இல்லேன்னா கீர்த்தனை." அதற்காக நான் அவருக்கு என்றும் நன்றியுடையவன்.

திங்கள் முதல் வியாழன் வரை பியானோ முன் உட்கார்ந்தேன். கோரஸை வைத்தால் பாடிவிடுவார்கள், விட்டால் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் வழியே தென்படவில்லை. வியாழன் மதியம் என் மனைவி சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"வகுப்புல பையன் கேள்வி கேட்டா, போர்டுல திரும்ப எழுதிக் காட்டுவேன்னு பெருமையாச் சொல்லுவீங்க. அந்த டீச்சர் கேட்டதுக்கு என்ன எழுதிக் காட்டினீங்க?"

"அவங்க கேக்கல. குறை சொன்னாங்க."

"குறை சொன்னவங்களுக்குத்தான் நிவர்த்தியும் தெரியும். சேரன்மகாதேவி என்ன சிங்கப்பூர்லயா இருக்கு?"

வெள்ளிக்கிழமை காலை ஜங்ஷனிலிருந்து தென்காசி செல்லும் பயணி ரயிலில் ஏறினேன். ஆல்ட்டோ குரலுக்கான தாளில் ஒரு திருத்தம் செய்து கையில் வைத்திருந்தேன். அதைக் கொடுக்கப் போவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தத் திருத்தம் தேவையே இல்லாதது. வழியெங்கும் கார் பருவ நெல் அறுவடை முடிந்து அடித்தாள் மட்டும் நின்ற வயல்கள். களத்து மேடுகளில் வைக்கோல் போர்கள். நான் எழுதிய வரிகளில் வரும் காட்சி அப்படியே சன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும் மனநிலை எனக்கு இல்லை.

பள்ளி நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருந்தது. தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு ஒன்றாம் வகுப்பு வாசலுக்குப் போனேன். டீச்சர் என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழவில்லை, ஏனென்றால் அவர் நாற்காலியில் இல்லை. தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார். கையில் ஒரு மூங்கில் குச்சி. சுவரில் மிஷன் பள்ளிகளில் பாட்டுக் கற்பிக்க மாட்டியிருக்கும் சுர ஏணிப் படம். கீழே டோ, அதன் மேல் ரே, மி என்று ஒன்றன் மேல் ஒன்றாக எழுதியிருக்கும். ஆசிரியர் குச்சியால் எந்த எழுத்தைத் தொடுகிறாரோ அதைப் பிள்ளைகள் பாட வேண்டும். அந்தப் படத்தில் நானும் ஒரு காலத்தில் கற்றவன்தான். மறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

"வாங்க சார். உக்காருங்க. இந்தப் பாட்டு முடியட்டும், பிள்ளைய பாதியில நிக்கிதுவ."

ஒரு குட்டி நாற்காலியில் அமர்ந்தேன். முழங்கால் ஏறத்தாழ நெஞ்சைத் தொட்டது.

அவர் பிள்ளைகளுக்கு ஒரு புதிய மெட்டைக் கற்பித்துக்கொண்டிருந்தார். ஆனால் முழு மெட்டையும் கொடுக்கவில்லை. பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், பலமாக ஒன்று, மெதுவாக ஒன்று. பலமான தட்டு விழும் இடத்தில் மட்டும் குச்சி படத்தைத் தொடுகிறது. அந்தச் சுரத்தை அவர்கள் நீட்டிப் பாடுகிறார்கள். இடையில் வரும் சிறு சுரங்கள் அனைத்தையும் குச்சி தாண்டிப் போகிறது. அப்படி நாலைந்து முறை பாடிய பிறகுதான் இடைச் சுரங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்.

"ஏன் டீச்சர் இப்படி?" என்று கேட்டேன். அது உண்மையான கேள்வி. அதில் மேட்டிமை எதுவும் இல்லை.

"முழுத் தோசையையும் வாயில திணிச்சா பிள்ளை முழுங்குமா சார்? எலும்பை முதல்ல குடுத்திருவேன். சதை பெறகு. எலும்பைக் கேட்டாலே எந்தப் பாட்டுன்னு அதுகளுக்குத் தெரிஞ்சிரும். ஆனா பாட முடியாது."

"ஏன் பாட முடியாது?"

"எழுத்து ஒட்டாதே சார். ஒரு சுரத்துக்கு ஒரு எழுத்துன்னு இருந்தா வாய் தானாத் திறக்கும். ரெண்டு எழுத்துக்கு ஒரு சுரம்னா நாக்கு எங்கன ஓடும்? காதுதான் கேக்கும்."

நான் மடியில் இருந்த ஆல்ட்டோத் தாளைத் திருப்பி, பின்பக்கம் எழுதினேன். மி ஃபா சோ சோ என்பதில் முதல் அடியிலும் மூன்றாம் அடியிலும் விழுபவை மி, சோ. அடுத்ததில் லா, சோ. அதற்கடுத்து ஃபா, மி. கடைசியில் ரே மட்டும். பதினான்கு சுரம் ஏழாகியது. மி, சோ, லா, சோ, ஃபா, மி, ரே. இரண்டாம் வரிக்கும் அவ்வாறே செய்தேன். மி, சோ, லா, மேல் டோ, மி, ரே, டோ. அதுவும் ஏழு, ஆக மொத்தம் பதினான்கு. நான் ஒரு மாதம் செதுக்கிய மெட்டு, எலும்பாக, என் முன்னே இருந்தது. அடையாளம் தெரிந்தது. ஆனால் "களங்கள் நிறைந்தன" என்ற சொல்லை அதன் மேல் வைத்துப் பார்த்தால் வழுக்கி விழுந்தது.

"டீச்சர், இதைக் கொஞ்சம் குச்சியில காட்டுங்க."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பிள்ளைகளிடம் திரும்பி, "ஏ பிள்ளையளா, சார் ஒரு பாட்டு கொண்டாந்திருக்காங்க, கேளுங்க" என்றார். குச்சி ஏறியது, இறங்கியது. பிள்ளைகள் லா லா என்று பாடினார்கள். இரண்டாம் வரியின் முடிவில் குச்சி ரேயில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். கீழே டோவுக்கு இறங்கவில்லை. பிள்ளைகள் ரேயைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு சிறுமி உடம்பை முன்னே சாய்த்து, குச்சியைத் தன் கண்ணாலேயே கீழே இழுக்கப் பார்த்தாள்.

"கீழ வாங்க டீச்சர்" என்றாள் கடைசியில்.

"வர மாட்டேன்" என்றார் டீச்சர். வகுப்பு முழுவதும் சிரித்தது.

பிறகு என்னிடம் சொன்னார். "நான் முடிச்சுக் காட்டிட்டா, முடிஞ்சு போச்சுன்னு நெனச்சுத் திரும்ப முதல்லேருந்து ஆரம்பிச்சிருவாங்க. அண்ணாச்சி செஞ்சது அதுதான். கடைசியை நான் குடுக்க மாட்டேன். வச்சுக்கிடுவேன். வச்சுக்கிட்டா அடுத்தது என்னன்னு காத்திட்டு இருப்பாங்க. அந்த நேரத்துல எந்திரிச்சு நிக்கலாம், தாளைத் தேடலாம், பிள்ளையை இந்த இடுப்புலேருந்து அந்த இடுப்புக்கு மாத்தலாம். கோயில்ல அதுக்கும் நேரம் வேணும்லா சார்."

இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில், ஒரு பொருளைக் கீழே விழவிடாமல் பிடித்திருக்கும்போது அதில் எவ்வளவு ஆற்றல் தேங்கி நிற்கிறது என்பதை நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன். அதை ஒரு மெட்டில் யாரும் எனக்குக் காட்டியதில்லை. மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் தட்டுகளை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நான் அந்தக் குட்டி நாற்காலியிலிருந்து எழ டீச்சர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

ஆல்ட்டோத் தாளை அவரிடம் கொடுக்கவே மறந்துபோனேன். அதன் பின்பக்கம் எனக்கு வேண்டியிருந்தது.

வீடு திரும்பியதும் எழுதினேன். வலக்கையில் எலும்புச் சுரங்கள் மட்டும், வரி முடிவில் தவிர ஒவ்வொன்றும் இரண்டு அடி நீளம். இடக்கையில் விரிப்புகள் கிடையாது. முதல் அடியில் ஆதார சுரம், மூன்றாம் அடியில் அமைதியாக ஒரு நாதம். ஏழாம் தாளக்கட்டில் மி, பிறகு ரே. எட்டாம் தாளக்கட்டில் டோ வர வேண்டிய இடத்தில் அது வராது. ரே அப்படியே நீளும். அதன் அடியில் சோவும், லாவுக்கு மேல் வரும் டீயும், ஃபாவும் சேர்ந்த நாதம், வீடு திரும்பத் துடிக்கும் நாதம், நிற்கும். அந்தத் தாளக்கட்டின் கடைசி அடியில் சோ மட்டும் தனியாக ஒலிக்கும். சரணம் சோவில் தொடங்குவதால் பாடகர் குழுவுக்கு அது கைவிளக்கு. ஆனால் இரண்டாம் தாளக்கட்டில் மட்டும் என்னால் முழுமையாகக் கைவிட முடியவில்லை. லாவிலிருந்து மேல் டோவைத் தொட்டுச் சோவுக்கு வரும் அந்தச் சிறு வளைவு என் மெட்டின் அழகு என்று நான் கருதியது. அதை வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு டீச்சர் ஆலயத்துக்கு வந்தார். கூடவே மரக்கடை அண்ணாச்சியையும் அழைத்து வந்திருந்தார். "பண்டிகைக்குப் பந்தல் கம்பு எத்தனை வேணும்னு பாக்கணும், கொஞ்சம் வாங்கன்னு கூட்டியாந்தேன்" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அண்ணாச்சி தம் வழக்கமான கடைசிப் பெஞ்சில் போய் அமர்ந்து, மேலே உத்தரத்தைப் பார்த்துக் கம்புகளைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் அவரைப் பார்க்கும்படி ஓரத்தில் நின்றார். செயலாளரும் ஐயரும் முன் பெஞ்சில் இருந்தார்கள்.

வாசித்தேன். இரண்டாம் தாளக்கட்டைத் தாண்டியதும் டீச்சர் கையை உயர்த்தினார்.

"வாய் அசைஞ்சிருச்சு சார்."

"எந்த இடத்துல?"

"அந்த நெளிவுல. அதுல எழுத்து ஒட்டிக்கிட்டு வருது."

நான் அந்த வளைவை எடுத்துவிட்டேன். எனக்கு வலித்தது என்பதை மறைப்பதற்கில்லை. மீண்டும் முதலிலிருந்து வாசித்தேன். மி, சோ, லா, சோ. ஆலயத்தில் குருவிகளின் சத்தம் மட்டும் இருந்தது. கடைசி ரேயைப் பிடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி கம்புக் கணக்கை விட்டுவிட்டு நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். தொண்டையைச் செருமினார். பாடவில்லை. காத்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்குப் பாடலையா?" என்றார் ஐயர்.

"சார் இன்னும் பாட்டை ஆரம்பிக்கலையே."

"எந்தப் பாட்டுன்னு தெரியுதா?"

"இது தெரியாதா? களங்கள் நிறைந்தன. சரணத்தை எடுங்கய்யா, எவ்வளவு நேரம் பிடிச்சிட்டு உக்காந்திருக்கது?"

செயலாளர் தம் குறிப்பேட்டில் எழுதியிருந்த கீர்த்தனை எண்ணை அடித்தார். அவர் பேனா கோடு இழுத்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகே என் விரல்களை விசைகளிலிருந்து எடுத்தேன்.

பண்டிகையன்று ஆலயம் நிறைந்திருந்தது. பீடத்தின் முன் நெற்கதிர்களும் வாழைத்தார்களும் பூசணிகளும் அடுக்கப்பட்டிருந்தன. பேராயர் தம் இருக்கையில் இருந்தார். முன்னிசையின் முதல் இரண்டு சுரங்களுக்குள் சபை எழத் தொடங்கிவிட்டது. பெஞ்சுகள் முனகின, தாள்கள் சரசரத்தன. ரேயில் நான் நின்றபோது எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள், ஒருவர் வாயும் திறக்கவில்லை. அத்தனை பேர் மூச்சை இழுத்து வைத்திருக்கும் ஓர் ஆலயத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மௌனத்தையும் கேட்கத்தான் வேண்டும். பிறகு சோ ஒலித்தது. பாடகர் குழு சரணத்தை எடுத்தது. சரணம் முடிந்து கோரஸ் வந்தபோது, அத்தனை நேரம் பிடித்து வைத்திருந்ததை அண்ணாச்சி அவிழ்த்துவிட்டார். அவரோடு சபையும். கோரஸின் கடைசியில், முன்னிசையில் நான் கொடுக்க மறுத்த அந்த டோவில், அவர்கள் வந்து இறங்கியது மரத் தளத்தின் வழியாக என் பாதங்களில் தெரிந்தது.

ஆராதனைத் தாளில் 'பாடலும் இசையும்' என்று என் பெயர் மட்டும் அச்சாகியிருந்தது. அது முன்பே அச்சானது என்பது உண்மை. ஆனால் பேராயர் என் கையைக் குலுக்கி, "அந்த முன்னிசை மிக நுட்பம்" என்று சொன்னபோது டீச்சர் ஆறடி தூரத்தில் நின்றிருந்தார். நான் "நன்றி" என்று மட்டும் சொன்னேன். அது அச்சகத்தின் பிழை அல்ல, என்னுடையது. அன்று மாலை அவர் வீட்டுக்கு என் மனைவியுடன் போய் நன்றி சொன்னேன். "யாரு ஊட்டுனா என்ன சார், பிள்ளைய சோறு தின்னாச் சரி" என்று சொல்லி எங்களுக்குக் காபி கொடுத்தார். அவர் அதை உண்மையாகவே பொருட்படுத்தவில்லை என்று நினைக்கிறேன். அது என் கடமையைக் குறைத்துவிடாது.

அதன் பிறகு நான் எழுதிய முன்னிசை ஒவ்வொன்றையும் முதலில் எலும்பாக எழுதினேன். எவ்வளவு சதை வைக்கலாம் என்பதைப் பின்னர் முடிவு செய்தேன். கடைசிப் பெஞ்சில் ஒரு வாய் அசையுமா என்று யோசிக்காமல் ஒரு வளைவையும் வைத்ததில்லை. எனக்குத் தேர்வு நடத்திய லண்டன் தேர்வாளருக்கு நான் மரியாதை செலுத்துகிறேன். ஆனால் என் வாசிப்பை மாற்றியது அவர் இல்லை. ஐயருக்கும், தமக்கே தெரியாமல் தேர்வாளராக அமர்ந்த அண்ணாச்சிக்கும், சேரன்மகாதேவிக்கு ரயில் ஏற்றிவிட்ட என் மனைவிக்கும், எல்லோருக்கும் மேலாக அந்த டீச்சருக்கும் நான் நன்றிக்கடன் பட்டவன்.

பாட்டு இன்றும் பாடப்படுகிறது. அதைப் பற்றி இரண்டு செய்திகள் உலவுகின்றன. முன்னிசையின் கடைசிச் சுரத்தை முதுமையால் நான் மறந்துவிட்டேன் என்றும், பின்னர் அதையே வழக்கமாக்கிக்கொண்டேன் என்றும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு நடத்திய பாராட்டுக் கூட்டத்தில் ஒருவர், அந்த முன்னிசை தாமிரபரணிக் கரையில் விடியற்கால ஜெபத்தில் எனக்கு அருளப்பட்டது என்று பேசினார். இரண்டும் சரியல்ல. கடைசிச் சுரம் மறக்கப்படவில்லை, வேண்டுமென்றே விடப்பட்டது. அதை விடக் கற்றுக் கொடுத்தவர் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. இடம் சேரன்மகாதேவிப் பள்ளி. நேரம் வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்.